"மயக்கமா வருது கண்ணு": கடினமான போஸ்டிங்கை எழுத கிப்ஸா, டிரிஸ்காலா, ஜான்ஸா?

வார்டு போஸ்டிங் முடிகிற வாரத்தில் என் நர்சிங் பிள்ளைகள் வந்து கேட்பது ஒரே கேள்விதான். "மிஸ், ரிஃப்ளெக்‌ஷன் எழுதணும். கிப்ஸ் வெச்சு எழுதவா, டிரிஸ்கால் வெச்சு எழுதவா?" இங்கே படித்துவிட்டு இங்கிலாந்துக்குப் போனவர்களும் இதையே கேட்டு எழுதுகிறார்கள். அங்கே நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஐந்து ரிஃப்ளெக்‌ஷன் எழுதி வைத்திருக்க வேண்டும். நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதுவதுதான் ரிஃப்ளெக்‌ஷன், அதற்கு வழிகாட்டும் மாடல்கள்தான் கிப்ஸ், டிரிஸ்கால், ஜான்ஸ். எந்த மாடல் எளிது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். பிறகு ஒரே சம்பவத்தை மூன்று மாடலிலும் எழுதிப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் என்னை வேறு வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. எழுதுகிறவர் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மாடலிலும் ஓர் இடம் இருக்கிறது, அதுவும் மாடலுக்கு மாடல் மாறுகிறது. அந்த இடம் எது என்று தெரிந்தால் தேர்வு எளிதாகிவிடும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதலில் வார்த்தைக் கணக்கு. லாக் புக்கில் 400 வார்த்தை எழுதுவதும் மதிப்பெண்ணுக்கு 1,500 வார்த்தை எழுதுவதும் வேறு வேறு வேலை. கல்லூரி "இந்த மாடலில்தான் எழுத வேண்டும்" என்று கொடுத்துவிட்டால் வெளித்தோற்றத்துக்கு அதுவேதான். ஆனால் உள்ளே மற்ற மாடலின் கேள்விகளைக் கடன் வாங்கலாம், அதை யாரும் தடுப்பதில்லை.

இரண்டாவது, சம்பவம் நடந்து எத்தனை நாள் ஆகிறது என்பது. நேற்று நடந்ததை எழுதுகிறவருக்கும் இரண்டு மாதம் கழித்து எழுதுகிறவருக்கும் ஒரே கேள்விகள் பொருந்தாது.

மூன்றாவதுதான் முக்கியம். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது? செய்முறையிலா, அறிவிலா, மனத்திலா, அல்லது யார் யாரிடம் பேசலாம் என்கிற மேல் கீழிலா? நான்காவது, எழுதியதை உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்க உங்களுக்கு ஒருவர் இருக்கிறாரா? டியூட்டரோ சீனியரோ யாராக இருந்தாலும் சரி.

## எழுத வேண்டிய சம்பவம்

என் ஊர் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் பேசுவது தமிழ். பத்தாவது வரை தமிழ் மீடியம். மூன்றாம் வருடப் போஸ்டிங் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வார்டில், நான்கு வாரம். முதல் வாரம் ஹேண்டோவரில் நான் பேசிய மலையாளத்தைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வார்டில் தேவைக்கு மேல் வாய் திறக்காமல் இருந்தேன்.

மூன்றாவது வாரம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, சர்க்கரை நோயாளி, தமிழ் மட்டும்தான் தெரியும். முந்தின நாள் மாலை ரவுண்ட்ஸில் டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதியிருந்தார். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பது கேஸ் ஷீட்டில் இருந்தது, இன்சுலின் சார்ட்டில் இல்லை. காலை 7 மணிக்கு வழக்கம்போல் ரெகுலர் இன்சுலின் 10 யூனிட் போடப்பட்டது. 7.30-க்கு வந்த இட்லியை, ஸ்கேன் இருக்கிறது என்று சொல்லி யாரோ திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்சுலின் போட்டவருக்கு உணவு நின்றது தெரியாது. உணவை நிறுத்தியவருக்கு இன்சுலின் போட்டது தெரியாது.

9.10-க்கு நான் பிரஷர் பார்க்கப் போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மயக்கமா வருது கண்ணு" என்றார். நான் போய் சிஸ்டரிடம் மலையாளத்தில், அம்மாவுக்கு மயக்கம் என்று சொன்னேன். நமக்கு மயக்கம் என்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருவது, தலை சுற்றுவது. மலையாளத்தில் சாதாரணமாக அந்தச் சொல்லைக் கேட்டால் தூக்கக் கலக்கம், கண்ணயர்தல் என்றுதான் படும். தலைசுற்றலுக்கு அவர்கள் சொல்வது தலகறக்கம். சிஸ்டர் கையில் முப்பது நோயாளிகள். "ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, தூங்கட்டும்" என்றார். நான் சரி என்று திரும்பிவிட்டேன்.

9.35-க்கு பைஸ்டாண்டராக இருந்த மகள் சத்தம் போட்டாள். அம்மாவின் ரவிக்கை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது, கை சில்லிட்டு நடுங்கியது. குளுக்கோமீட்டரில் 51. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ் சர்க்கரை. 54-க்குக் கீழே என்றால் மூளைக்குப் போகிற சர்க்கரையே குறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நல்லவேளை, விழுங்க முடிந்தது. 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 78. அப்புறம் இட்லி. ஸ்கேன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. 9.10-க்கு அந்த அம்மா என்னிடம் சொன்னார் என்பது சிஸ்டரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

## கிப்ஸ்: ஆறு படி

கிரகாம் கிப்ஸ் 1988-ல் கொடுத்த சுழற்சி. என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக நடந்தது எது நடக்கவில்லை, ஏன் அப்படி, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன் என்று ஆறு படி. நர்சிங் கல்லூரிகளில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். மதிப்பெண் கொடுப்பவருக்கும் பழகிய வடிவம், ஒவ்வொரு படியையும் தேடிப் பார்த்து டிக் போடலாம்.

இதன் பெரிய பலம் உணர்வுக்கென்று தனி இடம் ஒதுக்கியது. அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. முதல் வரைவில் அந்த இடத்தில் நான் எழுதியது ஒரே வரி, மிகவும் வருத்தமாக இருந்தது என்று. எனக்கு அப்போது பாடம் எடுத்த மேடம் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "வருத்தம் எப்போது? 9.10-க்கா, 9.35-க்கா, ராத்திரிக்கா?"

அந்த ஒரு கேள்விக்காகத் திரும்ப உட்கார்ந்தேன். 9.10-க்கு எனக்கு வருத்தம் இல்லை. நிம்மதி. சிஸ்டர் முடிவு சொல்லிவிட்டார், இனி என் பொறுப்பில்லை என்கிற நிம்மதி. 9.35-க்குப் பயம், அதுவும் அந்த அம்மாவுக்காக மட்டும் இல்லை, யாராவது என்னைக் கேட்பார்களோ என்று. ராத்திரி ஹாஸ்டலில் வெட்கம். மூன்றும் வேறு வேறு. இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் மூன்றுக்கும் ஒரே சொல்தான் கைக்கு வருகிறது. அதனால் இந்தப் படியை மட்டுமாவது முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றுங்கள் என்று என் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

மறைவான செலவு இரண்டு. ஒன்று, முதல் படி வார்த்தையைத் தின்றுவிடும். 1,500 வார்த்தைக் கட்டுரையில் சம்பவத்துக்கு மட்டும் 700 வார்த்தை செலவழித்துவிட்டு "ஏன்" என்ற படிக்கு 200 மிச்சம் வைப்பவர்களை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன். நான் சொல்லும் கணக்கு இது: முன்னுரை 100, சம்பவம் 200, உணர்வு 150, நல்லது கெட்டது 200, ஏன் 500, வேறென்ன 130, அடுத்த முறை 220. மதிப்பெண்ணில் பெரும்பங்கு இருப்பது அந்த 500-ல்.

இரண்டாவது செலவு, மூன்றாம் படியும் நான்காம் படியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். "இன்சுலின் சார்ட்டில் எழுதாதது தவறு" என்பது மூன்றாம் படி. ரெகுலர் இன்சுலின் அரை மணியில் வேலையைத் தொடங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும், அதனால் 7 மணி ஊசிக்கு 9 மணியைத் தாண்டியதும் ஆபத்து, வெறும் வயிறு என்ற உத்தரவு ஒரு தாளிலும் ஊசி இன்னொரு தாளிலும் இருக்கும் வரை இது யாருக்கும் நடக்கும் என்பது நான்காம் படி. ஏன் என்று கேட்டால் பதில் வருகிற வாக்கியமா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அது இன்னும் மூன்றாம் படியில்தான் நிற்கிறது.

கிப்ஸில் ஒளிய வசதியான இடமும் இங்கேதான். என் கட்டுரையின் "ஏன்" பகுதி முழுக்க இன்சுலினும் சார்ட்டும் ஹேண்டோவரும்தான். எல்லாம் உண்மை. நல்ல மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்த அந்தப் பத்தடி அதில் இல்லை.

## டிரிஸ்கால்: மூன்று கேள்வி

என்ன? அதனால் என்ன? இனி என்ன? பள்ளிக்கூடப் பாடத்துக்காக டெர்ரி போர்ட்டன் 1970-ல் வைத்த மூன்று கேள்விகளை ஜான் டிரிஸ்கால் 1990-களில் நர்சிங்குக்குள் கொண்டுவந்தார். டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதே போனில் குறித்துக்கொள்ளலாம், அவ்வளவு எளிது. நான் எழுதிப் பார்த்தது இப்படி வந்தது:

"என்ன: மயக்கம் என்று நோயாளி சொன்னதை அதே சொல்லில் கடத்தினேன். வேறு பொருளில் புரிந்துகொள்ளப்பட்டது. 25 நிமிடம் தாமதம். சர்க்கரை 51.

அதனால் என்ன: நான் கடத்தியது ஒரு சொல்லை மட்டும். முகம் வெளுத்திருந்ததையும் கை சில்லென்று இருந்ததையும் சொல்லவில்லை. இன்சுலின் எப்போது போட்டார்கள் என்று பார்க்கவில்லை. குளுக்கோமீட்டர் டிராலியிலேயே இருந்தது.

இனி என்ன: இன்சுலின் போடும் நோயாளி எந்த மொழியில் எதைச் சொன்னாலும் முதலில் சர்க்கரை பார்ப்பேன். தமிழ் நோயாளியின் மயக்கத்தை தலகறக்கம் என்று மாற்றிச் சொல்வேன்."

பாருங்கள், கிப்ஸில் வராத ஒன்று இதில் வந்துவிட்டது. டிராலியில் குளுக்கோமீட்டர் இருந்தது என்பது. குறைவாக எழுதும்போது கையால் செய்யக்கூடியது முன்னால் வருகிறது. செய்முறைத் தவறுக்கும், மொழி மாறிப்போனது போன்ற தெளிவான காரணம் உள்ள சம்பவத்துக்கும் இதுவே போதும். இங்கிலாந்தின் பதிவுப் புதுப்பிப்புப் படிவமும் ஏறக்குறைய இந்த ஓட்டத்தில்தான் கேட்கிறது: என்ன நடந்தது, என்ன கற்றீர்கள், பணியில் என்ன மாற்றினீர்கள். தொழில் நெறிக் கோவையின் எந்தப் பகுதியோடு இது சேர்கிறது என்பது மட்டும் கூடுதலாக.

செலவு நடுக்கேள்வியில் இருக்கிறது. "அதனால் என்ன" என்பது மிக அகலமான கேள்வி. யாரும் பிடித்து நிறுத்தாவிட்டால் இரண்டு வரியில் தாண்டி மூன்றாம் கேள்விக்கு ஓடிவிடலாம். "இனி கவனமாக இருப்பேன்" என்று முடியும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இப்படி ஓடியவைதான். வேகமாகத் தீர்வுக்குப் போவதே ஒளிந்துகொள்ளும் இடம். நானும் அதைத்தான் செய்தேன். மாற்றுச் சொல்லைக் கண்டுபிடித்ததும் விஷயம் முடிந்ததாக மனம் சொல்லிவிட்டது. ஆனால் தலகறக்கம் என்ற சொல் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சிஸ்டரிடம் ஏன் இரண்டாவது முறை சொல்லவில்லை?

1,500 வார்த்தைக் கட்டுரைக்கு டிரிஸ்காலை எடுத்தால் நடுக்கேள்வியை நீங்களே நான்கைந்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போது எளிமை என்ற லாபம் போய்விடுகிறது.

## ஜான்ஸ்: உள்ளேயும் வெளியேயும்

கிறிஸ்டோபர் ஜான்ஸ் நர்ஸ்களுக்காகவே 1990-களில் உருவாக்கியது. படிகளை விட, தூண்டும் கேள்விகள்தான் இதில் அதிகம். பார்பரா கார்ப்பர் 1978-ல் சொன்ன நான்கு அறிதல் முறைகள் இதற்கு அடிப்படை: பாடத்தால் அறிவது, பராமரிக்கும் கலையால் அறிவது, தன்னை அறிவது, அறத்தால் அறிவது. முதலில் உள்ளே பார், பிறகு வெளியே பார் என்கிறது மாடல். உள்ளே என்றால் என் எண்ணமும் உணர்வும். வெளியே என்றால் நான் என்ன செய்ய முயன்றேன், நோயாளிக்கும் உடன் வேலை செய்தவர்களுக்கும் எனக்கும் அதன் விளைவு என்ன, என்னை எது தடுத்தது, எந்த அறிவு கைகொடுத்திருக்கும்.

அதில் ஒரு கேள்வி என்னை உட்காரவைத்துவிட்டது. நோயாளி என்ன உணர்ந்தார்? அது உனக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியாது என்பதுதான் முதல் பதில். அந்த அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. பிறகு யோசித்தேன். அதற்குச் சற்று முன்புதான் இரண்டு பேர் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போனார்கள். அவர்களிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார், ஏனென்றால் முந்தின நாள் நான் அவரிடம் தமிழில் பேசியிருந்தேன். தன் பேச்சு புரிகிற ஒருத்தி வரட்டும் என்று எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ. அப்படிக் காத்திருந்து சொன்னதை நான் ஒரே சொல்லாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னைத் தடுத்தது எது என்ற கேள்விக்குத்தான் முதல் வாரச் சிரிப்பு வெளியே வந்தது. இரண்டாவது முறை சொல்ல வேண்டுமென்றால் நான் மலையாளத்தில் நான்கு வாக்கியம் பேச வேண்டும், நர்சிங் ஸ்டேஷனில், அத்தனை பேர் முன்னால். அதைத் தவிர்க்கத்தான் சரி என்றேன். கிப்ஸிலும் டிரிஸ்காலிலும் இதை நான் எழுதவில்லை. அவை தடுத்தன என்றில்லை, அவை கேட்கவில்லை. அறம் பற்றிய கேள்வி இன்னும் ஒரு படி போனது: என் கூச்சத்துக்கும் அவர் உடம்புக்கும் நடுவே நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்?

செலவு அதிகம். பத்துப் பதினைந்து கேள்விக்கும் பதில் எழுதினால் கட்டுரை படிவம் நிரப்பியது போல ஆகிவிடும், ஓட்டமே இருக்காது. நான்கைந்து கேள்வியைத் தேர்ந்தெடுத்து, மற்றதை விட்டுவிட வேண்டும். இரண்டாவது, இது வழிகாட்டி ஒருவரோடு பேசிக்கொண்டே செய்வதற்காக வந்த மாடல். தனியாக உட்கார்ந்து செய்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது: சங்கடமான கேள்வியைத் தாண்டிவிடுகிறோம், இல்லையென்றால் எல்லாப் பழியையும் நம் மேலேயே போட்டுக்கொள்கிறோம். எனக்கு இரண்டாவது நடந்தது. மேடம்தான் படித்துவிட்டு, "சார்ட் எங்கே போச்சு? உன் கூச்சம் மட்டுமா சர்க்கரையை இறக்கியது?" என்று கேட்டார். ஜான்ஸில் ஒளிகிற இடம் அதுதான், தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு வார்டு நடைமுறையைப் பார்க்காமல் விடுவது.

கோல்பையும் சிலர் கேட்கிறார்கள். 1984-ல் வந்தது, நான்கு படி: அனுபவம், திரும்பிப் பார்த்தல், கருத்தாக்கம், செய்து பார்த்தல். கேனுலா போடுவது, கட்டு மாற்றுவது போல மறுநாளே மறுபடி செய்து பார்க்கக்கூடிய திறமைக்கு நன்றாகப் பொருந்தும். உணர்வுக்கு அதில் தனி இடம் இல்லை. கடினமான போஸ்டிங்கை எழுத நான் அதை எடுக்கமாட்டேன்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கிப்ஸ் | டிரிஸ்கால் | ஜான்ஸ் |
|---|---|---|---|
| வசதியான அளவு | 1,200 முதல் 2,000 வார்த்தை | 300 முதல் 600 | 1,500-க்கு மேல் |
| எப்போது எழுதலாம் | ஒரு வாரம் கழித்து | அன்றைக்கே | இரண்டு மூன்று வாரம் கழித்து |
| முடிச்சு எங்கே இருந்தால் | உணர்வும் செயலும் கலந்தது | செய்முறை, தகவல் தவறு | அதிகாரம், அறம், மௌனம் |
| கூட ஒருவர் வேண்டுமா | இருந்தால் நல்லது | தேவையில்லை | கட்டாயம் |
| ஒளியும் இடம் | சம்பவத்தை நீட்டுவது, காரணத்தை வெளியே வைப்பது | தீர்வுக்கு ஓடுவது | தன்னை மட்டும் குற்றம் சொல்வது |

அளவும் நாள் கணக்கும் என் அனுபவத்தில் வந்தவை. உங்கள் கல்லூரி விதி வேறாக இருந்தால் அதுவே முந்தும்.

## யாருக்கு எது

மதிப்பெண்ணுக்கான நீண்ட கட்டுரை, மாடல் உங்கள் விருப்பம் என்றால் கிப்ஸை எலும்புக்கூடாக எடுத்துக்கொண்டு, "ஏன்" படிக்குள் ஜான்ஸின் இந்தக் கேள்விகளை வையுங்கள்: நோயாளி என்ன உணர்ந்தார், அது எனக்கு எப்படித் தெரியும், என்னைத் தடுத்தது எது. கடைசியாக நான் எழுதியதும் இப்படித்தான். அந்த 500 வார்த்தையில் சார்ட்டுக்கும் இன்சுலினுக்கும் 200, மொழிக்கு 100, நான் திரும்பி நடந்ததற்கு 200. முன்னுரையிலேயே "கிப்ஸின் சுழற்சியைப் பயன்படுத்துகிறேன், பகுப்பாய்வில் ஜான்ஸின் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன், காரணம் இது" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கலந்தால் மாடல் தெரியாமல் எழுதியதாக நினைப்பார்கள்.

போஸ்டிங் நடந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு நாளும் எழுத டிரிஸ்கால் போதும். நேரம், எண், யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே குறித்தால்தான் பிறகு கிப்ஸ் எழுத முடியும். என்னிடம் 9.10, 9.35 என்று நேரம் இருந்தது அந்தக் குறிப்பால்தான்.

சீனியர் உங்களை அவமானப்படுத்தினார், தவறு என்று தெரிந்ததைப் பார்த்தும் பேச முடியவில்லை, நோயாளியின் விருப்பம் ஒன்று குடும்பத்தின் விருப்பம் ஒன்று என்கிற மாதிரிச் சம்பவத்துக்கு ஜான்ஸ். படித்துக் கேட்க ஆள் கிடைத்தால் மட்டும்.

நோயாளி இறந்துபோனார், அல்லது உங்கள் மேல் யாராவது கை வைத்தார்கள் என்றால் எந்தச் சுழற்சியையும் உடனே எடுக்க வேண்டாம். என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதி மூடிவைத்து, டியூட்டரிடம் நேரில் பேசுங்கள். நோயாளிக்குப் பாதிப்பு நேர்ந்திருந்தால் முதலில் வார்டின் சம்பவ அறிக்கை. ரிஃப்ளெக்‌ஷன் கட்டுரை அதற்கு மாற்று இல்லை.

## எந்த மாடலானாலும் இரண்டு இடத்தில் கட்டுரை விழுகிறது

ஒன்று, நோயாளியின் அடையாளம். பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எங்கள் எல்லைப் பக்கத்தில் அது போதாது. இந்த வார்டு, இந்தத் தேதி, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் அம்மா, ஸ்கேன் தள்ளிப்போனது என்று நான்கு விவரம் சேர்ந்தால் பைஸ்டாண்டர்களுக்கே ஆள் யார் என்று தெரிந்துவிடும். மேலே நான் சொன்னதிலும் வயதையும் வேறு சில விவரங்களையும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். எந்த விவரத்தை எடுத்துவிட்டால் வாதம் குலையும் என்று பாருங்கள். தமிழ் பேசுகிறவர் என்பதை எடுத்தால் என் கட்டுரையே இல்லை, அதனால் அது இருக்கட்டும். ஊரும் தேதியும் வார்டும் போகட்டும்.

இரண்டாவது, கடைசிப் படி. "தகவல் தொடர்புத் திறனை வளர்த்துக்கொள்வேன்" என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. என் முதல் வரைவில் அந்த வரிதான் இருந்தது. திருத்தி எழுதியது இது:

"அடுத்த போஸ்டிங்கின் முதல் நாளிலேயே, இன்சுலின் எடுக்கும் நோயாளிகளில் யாருக்கு வெறும் வயிறு உத்தரவு இருக்கிறது என்று கேஸ் ஷீட்டையும் இன்சுலின் சார்ட்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே சொல்லி, அதன் பொருளையும் நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சொல்வேன். என்ன வேண்டும் என்றும் கேட்பேன்: 'தமிழில் மயக்கம் என்கிறார், தலைசுற்றல் என்று பொருள். கை சில்லென்று இருக்கிறது. 7 மணிக்கு இன்சுலின், இன்னும் சாப்பிடவில்லை. சர்க்கரை பார்க்கட்டுமா?' மறுப்பு வந்தால் இன்னொரு முறை சொல்வேன். அதற்கும் பலனில்லை என்றால் இன்சார்ஜிடம் போவேன். இரண்டு வாரம் கழித்து, இப்படி எத்தனை முறை பேசினேன் என்று லாக் புக்கில் பார்த்து டியூட்டரிடம் காட்டுவேன்."

சிஸ்டரிடம் சொல்ல வேண்டிய அந்த நான்கு வாக்கியத்தையும் மலையாளத்தில் எழுதி, ரூம்மேட்டிடம் சொல்லிக் காட்டித் திருத்திக்கொண்டேன். அடுத்த போஸ்டிங்கின் இரண்டாம் வாரத்தில் அதைச் சொல்ல வேண்டி வந்தது. நாக்கு தடுமாறியது, நடுவில் ஒரு சொல் தமிழிலேயே வந்துவிட்டது. சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டுக் குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார்.